வெள்ளை சேரும் ஃபிரிட்ஜும் மஞ்சளாகிவிட்டன, பழைய நிறம் வருமா?

நிலாமுற்றம்:
மொட்டை மாடியில் வெயிலிலேயே கிடந்த நாலு வெள்ளை பிளாஸ்டிக் சேர், ஜன்னல் பக்கம் நிற்கிற பழைய ஃபிரிட்ஜ், இரண்டுமே பழுத்துப்போன மாதிரி மஞ்சளாகிவிட்டன. ஃபிரிட்ஜில் கதவு லேசான மஞ்சள்தான், கைப்பிடி மட்டும் நன்றாகப் பழுப்பாகவே இருக்கிறது, ஜன்னலைப் பார்த்த பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம். சோப்பு, சோடா உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. அழுக்கு போனது, மஞ்சள் போகவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சுடுதண்ணி:
ப்ளீச்சிங் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள், வெள்ளைத் துணியே வெளுக்கிறது, இது வெளுக்காதா? எங்கள் சேரில் இருந்த கறுப்புப் புள்ளியெல்லாம் அப்படித்தான் போனது.

திருப்புளி:
உங்கள் சேரில் இருந்தது பூஞ்சை, அதற்கு ப்ளீச் சரிதான். வெயிலில் வந்த மஞ்சள் மேலே ஒட்டிய கறை இல்லை, பிளாஸ்டிக்கே மாறியிருக்கிறது. அதில் ப்ளீச்சை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் மேல்தோல் இன்னும் கரகரப்பாகி, அடுத்த மாதம் அழுக்கு இரண்டு மடங்கு பிடிக்கும். அப்புறம், ப்ளீச்சை வினிகரோடோ எலுமிச்சையோடோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

நிலாமுற்றம், முதலில் ஒரு விஷயம் பாருங்கள். சேரைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். கைப்பிடியைக் கழற்றினால் உள்பக்கம் ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்க வாய்ப்பு அதிகம். கதவில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பெயின்ட் அடித்த தகடு. மூன்றும் மூன்று பொருள், ஒரே மருந்து கேட்காது.

அரைவாளி:
ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் எல்லாம் வெளுக்கும். பழைய கணினிப் பெட்டிகளை அப்படித்தான் வெளுக்க வைக்கிறார்கள், நான் விசைப்பலகையில் செய்து பார்த்திருக்கிறேன், புதுசு மாதிரி ஆனது.

நிலாமுற்றம்:
சேரில் 5, கைப்பிடியில் ஏபிஎஸ், கதவில் காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது. திருப்புளி அண்ணா, அந்தப் பெராக்சைடு வேலைக்கு ஆகுமா?

திருப்புளி:
அரைவாளி சொன்னது கைப்பிடிக்கு மட்டும் சரி. விசைப்பலகையும் பெரும்பாலும் ஏபிஎஸ்தான், அதனால்தான் அவருக்குப் பலித்தது.

கைப்பிடியைக் கழற்றியே செய்யுங்கள், கதவில் இருக்கும்போது செய்தால் பெயின்டிலும் ரப்பரிலும் வழியும். திருகு பெரும்பாலும் சின்ன மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். உலோகப் பட்டை, ஸ்டிக்கர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காய வையுங்கள். தலைமுடிக்கு நிறமேற்றும்போது சேர்க்கிற பெராக்சைடு கிரீம் கிடைக்கும், 12 சதவீதம் உள்ளது வாங்குங்கள். நீர் போன்ற திரவம் வழிந்து ஓடிவிடும், கிரீம் அப்படியே நிற்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள், தோலில் பட்டால் வெள்ளையாகிச் சுருசுருவென்று எரியும்.

பிரஷ்ஷால் தடிமனாகப் பூசி, உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் காற்றுக்குமிழி இல்லாமல் சுற்றி வெயிலில் வையுங்கள். இதில் கெட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: கிரீம் எங்காவது காய்ந்தாலோ, படலத்தின் சுருக்கத்தில் ஒரு பக்கம் அதிகமாகத் தேங்கினாலோ, பிறகு அந்த இடத்தில் பளிங்குக் கல்லில் ஓடுகிற கோடு மாதிரி வரி வரியாக நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு. அதனால் மணிக்கொரு தரம் படலத்தின் மேலேயே விரலால் தேய்த்து கிரீமை இடம் மாற்றி, கைப்பிடியைத் திருப்பி வையுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் மாற்றம் தெரியும். கழுவிக் காய்ந்த பிறகுதான் நிஜ நிறம் தெரியும், ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போதவில்லை என்றால் மறுநாள் மறுபடி. அளவுக்கு மீறினால் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறிவிடும்.

இன்னொன்று, இது நிரந்தரமில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் மஞ்சள் திரும்பக்கூடும், ஜன்னலுக்குத் திரை போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

புதுமனை:
என் கைபேசியின் கண்ணாடி மாதிரியான உறையும் மஞ்சளாகிவிட்டது, அதற்கும் இதே கிரீம் போடலாமா?

திருப்புளி:
அது வேறு ரகம், உள்ளுக்குள்ளேயே நிறம் மாறியிருக்கும். கிரீமை வீணாக்காமல் புது உறை வாங்கிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
சரி, கதவும் சேரும்?

திருப்புளி:
கதவில் பெராக்சைடு வேண்டாம். முதலில் கதவைத் திறந்து, வெளிச்சம் படாத ஓரத்தை வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்டே பழுத்திருந்தால் காருக்குப் போடுகிற தேய்ப்புப் பசையை ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். துணி மஞ்சளாக, அடியில் வெள்ளையாக வந்தால் மேலே பழுத்த அடுக்கு கழன்று வருகிறது என்று அர்த்தம், கதவு முழுக்கச் செய்யலாம். ஆனால் விளிம்புகளில் பெயின்ட் மெலிசு, அங்கே அழுத்தினால் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும். நிறம் மாறவே இல்லையென்றால் பெயின்ட் ஆழம் வரை பழுத்திருக்கிறது, வீட்டுச் சாதனங்களுக்கென்று விற்கிற எபாக்ஸி ஸ்பிரேதான் வழி.

சேர்தான் சிக்கல். காய்ந்த விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா?

நிலாமுற்றம்:
ஒட்டுகிறது! சுண்ணாம்புச் சுவரைத் தொட்ட மாதிரி.

திருப்புளி:
அப்படியென்றால் வெயில் மேல்தோலைத் தின்றுவிட்டது, உள்ளே கலந்திருந்த நிரப்புப் பொடிதான் வெளியே வருகிறது. 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 600 போட்டால் அந்த அடுக்கு போய் ஓரளவு வெள்ளை வரும், ஆனால் பளபளப்பு வராது. பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டால் பாலிப்ரொப்பிலீனுக்கென்றே உள்ள ஒட்டுப்பூச்சு முதலில் வேண்டும், இல்லையென்றால் சில வாரத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும். எதற்கும் முன்னால் காலும் இருக்கையும் சேருகிற வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெளுக்க வைத்துப் பயனில்லை, உட்கார்ந்தால் உடையும்.

அரைவாளி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் சேரில் பெராக்சைடு கொஞ்சம் வேலை செய்தது.

திருப்புளி:
கறை போயிருக்கும், மஞ்சள் போயிருக்காது என்பது என் எண்ணம். தேய்க்காமல் கிரீம் மட்டும் போட்டு, பாதியை மூடி வைத்துச் செய்த சேர் இருந்தால் படம் போடுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்:
கைப்பிடி முடிந்தது அண்ணா. ஜன்னல் பக்கம் அருமை, மறுபக்கம் கிட்டத்தட்ட அதே நிறத்துக்கு வந்துவிட்டது, திருகு மூடி பக்கத்தில் மட்டும் நகக்கண் அளவு ஒரு கோடு. சேரில் இரண்டில் விரிசல் இருக்கிறது, அவை கழிப்பதற்கு. மீதி இரண்டில் ஒன்றை உப்புத்தாளால் தேய்க்கிறேன், இன்னொன்றில் பாதிக்கு மட்டும் கிரீம் போட்டு அரைவாளி சொன்னதைச் சோதித்துவிடுகிறேன். கதவை அடுத்த வாரம்தான் தொட முடியும்.