குளச்சல் போரைக் கதையாகச் சொன்னபோது

தக்கலை ஆசிரியை:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பத்தியைக் கொடுத்து, நிகழ்வும் ஆண்டும் மாறாமல் கதையாக எழுதச் சொன்னேன்: “1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது. சிறைப்பட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். 1777இல் இறந்தார்.”

ஒரு மாணவி இப்படித் தொடங்கினாள்: “உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. 1777இல் அதில் அடங்கியவர், இந்தக் கரைக்கு எதிரியாக வந்தவர். 1741 ஆகஸ்ட் 10, ஆடி மாதம். குளச்சலில் டச்சுப் படை தோற்றது, டிலனாய் சிறைப்பட்டார்.”

முடிவிலிருந்து தொடங்கியும் எது முன், எது பின் என்பது குழம்பவில்லை. ஆடி என்பது பத்தியில் இல்லையென்றாலும் தேதியிலிருந்தே கிடைப்பதால் ஏற்றுக்கொண்டேன். இன்னொரு மாணவனோ, “வாளைக் கீழே போட்ட அன்றே தளபதியானார்” என்று எழுதியிருந்தான். ஆண்டு எதுவும் மாறவில்லை. ஆனால் ‘பின்னர்’ என்ற சொல்லுக்குள் இருந்த காலம் முழுவதும் காணாமல் போய்விட்டது.

நாகர்கோவில் வாசகர்:
சில நூல்களில் ஜூலை 31 என்று இருக்கிறதே, டீச்சர். பாடத்தில் உள்ள தேதியே தவறாக இருக்கும்போது அதை மாற்றாமல் வைப்பதில் என்ன பயன்?

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், பத்மநாபபுரம்:
தம்பி, நீங்கள் அந்தத் தேதியைப் பார்த்தது சரி. பாடம் தவறு என்ற முடிவுதான் பொருந்தாது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால், அவர்கள் கணக்கில் தேதி சில நாள் பின்தங்கி ஜூலை இறுதியில் வருகிறது. கொல்லம் ஆண்டில் அது 916, கர்க்கடகம். கதையில் எந்தக் கணக்கை எடுத்தாலும் கடைசி வரி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எழுதி முடித்ததும் பிள்ளைகளைத் தம் கதையிலிருந்து மறுபடி மூன்று வரி வறண்ட பத்தி எழுதச் சொல்லுங்கள். அதை மூலத்தோடு ஒப்பிட்டால், கூடுதலாக நுழைந்ததும் விடுபட்டதும் உடனே தெரிந்துவிடும்.

மார்த்தாண்டம் உறுப்பினர்:
நானும் எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது தெருவெல்லாம் விளக்கேற்றியதாகப் பாட்டி சொல்வார். அதைச் சேர்க்கலாமா, சார்?

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:
“பாட்டி சொன்னபடி” என்ற சொற்களோடு தாராளமாகச் சேருங்கள்.

தக்கலை ஆசிரியை:
மறுசுருக்கத்தை இந்த வாரமே செய்து பார்க்கிறேன், சார். டிலனாயின் வாயில் ஒரு வசனமாவது வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பேச்சே இல்லாத கதையை அவர்கள் கதை என்று ஏற்க மறுக்கிறார்கள்.

நாகர்கோவில் வாசகர்:
வசனத்தைக் கற்பனை என்று அறிவித்துவிட்டு வைக்கலாம் என்பது என் கருத்து. சார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.