பபிள் சார்ட்: 1,000 எண்களுக்கு உடனே முடிகிறது, 50,000 எண்களுக்கு முடியவே இல்லை

கயல்07: பபிள் சார்ட் நிரல் 1,000 எண்களைக் கண் இமைப்பதற்குள் அடுக்கிவிடுகிறது, 50,000 கொடுத்தால் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிழை எங்கே? நாளை காலை ஒப்படைக்க வேண்டும்.

வேலன்: எந்த மொழி? நிரல் எங்கே? எண்கள் முழுவதும் கலைந்திருக்கின்றனவா?

தறிக்காரன்: லூப்புக்குள் `print` இருக்கும். எனக்கும் இப்படித்தான் ஆயிற்று. அதை எடுத்ததும் சரியானது.

கயல்07: `print` இல்லை. பைத்தான். 49,999 எண்கள் ஏற்கெனவே ஏறுவரிசையில்தான் உள்ளன. புதிதாக ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன். இடமாற்றமே நிகழாத சுற்றில் நின்றுவிடும்படியும் எழுதியிருக்கிறேன்.

```
for i in range(n-1):
    swapped = False
    for j in range(n-1-i):
        if a[j] > a[j+1]:
            a[j], a[j+1] = a[j+1], a[j]
            swapped = True
    if not swapped:
        break
```

மூத்தவன்: முதலாண்டுப் பாடத்தை ஒருமுறையாவது புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. `a.sort()` என்று எழுதிவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

வேலன்: ஒப்படைக்க வேண்டியது பபிள் சார்ட் என்றால் அது உதவாது, ஐயா. கயல், அந்தப் புதிய எண் எல்லாவற்றிலும் சிறியதா?

கயல்07: ஆம்.

வேலன்: அதுதான் காரணம், நிரலில் பிழையில்லை. 2 3 4 5 1 என்பதைக் கையால் ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்றில் கடைசி ஒப்பீட்டில்தான் 5-உம் 1-உம் இடம் மாறி 2 3 4 1 5 ஆகிறது. அடுத்த சுற்றில் 2 3 1 4 5. பெரிய எண் ஒரே சுற்றில் கடைசிவரை ஓடிவிடும், ஆனால் சிறிய எண் சுற்றுக்கு ஓரடிதான் முன்னே நகரும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடமாற்றம் நிகழ்ந்துவிடுவதால் உங்கள் `break` வேலை செய்ய வாய்ப்பே இல்லை. மொத்த இடமாற்றங்கள் 49,999 மட்டுமே. ஒப்பீடுகளோ ஏறத்தாழ 125 கோடி. 1,000 எண்களுக்கு அது ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பட்டியல் 50 மடங்கு நீண்டால் வேலை 2,500 மடங்காகிறது.

தறிக்காரன்: அப்படியானால் ஒரு சுற்று முன்னிருந்தும் அடுத்தது பின்னிருந்தும் ஓட்டினால், எந்தப் பட்டியலானாலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமே?

வேலன்: இந்தப் பட்டியலுக்குத் தீரும், கலைந்த பட்டியலுக்குத் தீராது. அடுத்தடுத்த இரண்டை மாற்றும்போது முறைமாறி நிற்கும் இணைகளில் ஒன்றே ஒன்றுதான் சரியாகிறது. 50,000 எண்களைக் கலைத்துப் போட்டால் அத்தகைய இணைகள் சராசரியாக 62 கோடிக்கு மேல் இருக்கும்; எந்தத் திசையில் போனாலும் அத்தனை இடமாற்றங்களையும் செய்தே ஆக வேண்டும்.

மூத்தவன்: இன்செர்ஷன் சார்ட் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லக் காணோம்.

வேலன்: அதுவும் அத்தனை இடங்கள் நகர்த்தத்தான் வேண்டும். ஒப்பீடுகள் குறையும் என்பது உண்மை.

மூத்தவன்: குறைவதைத்தான் நானும் சொன்னேன்.

கயல்07: உள் லூப்பைப் பின்னிருந்து ஓட்டினேன், உடனே முடிந்தது. கலைந்த பட்டியல் இன்னும் ஓடுகிறது. நன்றி.