பழைய காணொளியின் தலைப்பை மாற்றலாமா?

வணக்கம். கைப்பேசியில் சேமிப்பிடத்தைக் காலி செய்வது பற்றிய என் யூடியூப் காணொளி, புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு வெளியான பரபரப்பில் நன்றாக ஓடியது. தலைப்பில் முதலில் நிற்பதும் அந்தப் பதிப்பின் எண்தான். இப்போது முகப்புப் பக்கப் பரிந்துரையால் வந்த பார்வைகள் வற்றிவிட்டன; தேடல் வழியாக வருபவை மட்டும் குறையவில்லை. தேடல் சொற்களைப் பார்த்தால் "போன் மெமரி ஃபுல் என்ன செய்வது" என்பதே மேலே இருக்கிறது. பதிப்பு எண்ணைத் தேடுபவர் அநேகமாக யாருமில்லை.

அந்தக் கேள்வியையே தலைப்பின் தொடக்கத்துக்கும் விளக்கத்தின் முதல் வரிக்கும் கொண்டுவந்து, எண்ணை விளக்கத்துக்குள் தள்ள நினைக்கிறேன். (குறிச்சொற்களுக்காக மெனக்கெடப் போவதில்லை.) சிறுபடத்தைத் தொடமாட்டேன், இரண்டையும் மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்றே தெரியாது.

தேடலில் நிலைத்துவிட்ட காணொளிக்கு இப்படித் தலைப்பு மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? சொடுக்கு விகிதத்தை எத்தனை நாள் கவனித்து முடிவெடுத்தீர்கள்?