செயலிழப்புச் சுருக்கத்தில் ‘ட்ரிக்கர்’: தமிழில் எப்படி எழுதலாம்?

அறிவழகி:
நண்பர்களே, வணக்கம். சேவை நின்றுபோனால் மேலாளர்களுக்குக் கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கத்துக்குத் தமிழில் வார்ப்புரு தயாரிக்கிறேன். ‘காரணம்’ பகுதியில் நின்றுவிட்டேன். ட்ரிக்கர், ரூட் காஸ் இரண்டையுமே பலர் ‘மூல காரணம்’ என்று எழுதுகிறார்கள். மாதிரி நிகழ்வு இது: இணையதளத்தின் சான்றிதழ் காலாவதியாகி, 52 நிமிடம் யாராலும் பணம் கட்ட முடியவில்லை. எதற்கு எந்தச் சொல்?

சேகர்:
சான்றிதழ் காலாவதியானதுதான் மூல காரணம். தடுப்பு, நாள்காட்டியில் நினைவூட்டல். ட்ரிக்கருக்குத் ‘தூண்டி’ போதுமே.

இளங்கோ:
சேகர், காலாவதித் தேதி சான்றிதழ் வாங்கிய அன்றே தெரியும். அதையே காரணம் என்று எழுதினால் ‘யார் மறந்தது?’ என்றுதான் மேலாளர் கேட்பார். பெரும்பாலும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 90 நாள் சான்றிதழை சர்ட்பாட் 30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பித்துவிடும். புதிய கோப்பும் வட்டில் வந்துவிடும். ஆனால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாதவரை, நினைவகத்தில் இருக்கும் பழைய சான்றிதழையே அது கொடுத்துக்கொண்டிருக்கும். கண்காணிப்போ வட்டில் உள்ள கோப்பைப் பார்த்துவிட்டுப் பச்சை விளக்கு காட்டும். விடுபடுவது இந்தக் கடைசிப் பகுதிதான்:

```
certbot renew --deploy-hook "systemctl reload nginx"
```

காலாவதி, சிக்கலைத் தொடங்கிவைத்தது. ரீலோட் விடுபட்டதும் கண்காணிப்பு தவறான இடத்தைப் பார்த்ததும் அதற்கு இடம் கொடுத்தன. ‘தொடக்க நிகழ்வு’, ‘இடங்கொடுத்த குறை’ என்று வைக்கலாம். இங்கே குறைகள் இரண்டு. ‘மூல காரணம்’ என்றால் ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

பாத்திமா:
எங்கள் டேட்டாபேஸ் வட்டு நிரம்பி நின்றபோது அறிக்கையில் ‘தூண்டி’ என்று எழுதினேன். யாரோ தூண்டிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு மேலதிகாரி பெயர் கேட்டார்! அதனால் ‘தொடக்க நிகழ்வு’க்கு என் ஆதரவு. ‘இடங்கொடுத்த குறை’ மட்டும் பேச்சு நடையாகப் படுகிறது. ‘அடிப்படைக் குறை’ என்றால் என்ன?

இளங்கோ:
அப்படி எழுதினால் அமைப்பு முழுவதுமே மோசம் என்று படிப்பார்கள், பாத்திமா. விடுபட்டது ஒரு ரீலோட். பேச்சு நடை என்பதையே நான் பலமாகப் பார்க்கிறேன். விளக்கம் இல்லாமலே புரிகிறது.

அறிவழகி:
இப்படி எழுதிப் பார்த்தேன்:

“தொடக்க நிகழ்வு: பழைய சான்றிதழ் காலாவதியானது. இடங்கொடுத்த குறைகள்: புதிய சான்றிதழ் தயாராக இருந்தும் சர்வர் அதை எடுத்துக்கொள்ளவில்லை, கண்காணிப்பு கோப்பை மட்டும் பார்த்தது. விளைவு: 52 நிமிடம் பணம் செலுத்த முடியவில்லை. தடுப்பு: புதுப்பித்ததும் ரீலோட் தானாக நடக்கும், கண்காணிப்பு வெளியிலிருந்து இணைந்து, வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் சான்றிதழையே சோதிக்கும், மிச்சமிருக்கும் நாள் 20-க்குக் கீழே போனால் எச்சரிக்கும்.”

30 நாள் மிச்சமிருக்கும்போதே புதுப்பிப்பு நடந்திருக்க வேண்டும் என்பதால், 20 என்பது ஏதோ நடக்கவில்லை என்று காட்டும்.

சேகர்:
இப்போது புரிகிறது, நினைவூட்டல் வைத்திருந்தாலும் கோப்பின் தேதியைப் பார்த்து ஏமாந்திருப்போம். ஆனால் சர்ட்பாட்டே ஓடாமல் போயிருந்தால்? அதுவும் ‘இடங்கொடுத்த குறை’தானா?

பாத்திமா:
என் வட்டு நிகழ்விலும் அதே கேள்வி. பழைய லாக்குகளை அழிக்கும் வேலை நின்றுபோயிருந்தது. அதைத் தொடக்க நிகழ்வு என்பதா, குறை என்பதா?