நிலாவின் தோழி நாளைக்கு வருகிறாள்

*நிலா அம்மா:* நாளை மாலை நிலாவோடு இரண்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். பள்ளி வாசலில் என்னைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், நாளைக்கு அவள் அம்மா விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மிரளாமல் இருக்க எப்படி வரவேற்பது?

*முரளி 2ஏ:* நிறையக் கேள்வி கேளுங்கள். பேச்சுக் கொடுத்தால்தான் கூச்சம் போகும்.

*செல்வி அக்கா:* கேக் சொல்லியாச்சா? எத்தனை பிள்ளைகள்?

*நிலா அம்மா:* பிறந்தநாள் இல்லை அக்கா, ஒரே பிள்ளை, விளையாட வருகிறாள்.

*சரோஜா டீச்சர்:* பேச்சுக் கொடுப்பது சரி முரளி, கேள்விதான் வேண்டாம். அப்பாவுக்கு என்ன வேலை, எந்தத் தெரு, என்ன ரேங்க் என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை இறுக்கிக்கொள்ளும், பால்வாடியில் எத்தனையோ பார்த்தாச்சு. கதவை நிலாவே திறக்கட்டும்மா. நீ அவள் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி, "வாம்மா, நீ வருவேன்னு நிலா கலர் பென்சில் எல்லாம் எடுத்து வச்சிருக்கா" என்று சொல், போதும். பதில் வராவிட்டால் விட்டுவிடு, கன்னத்தைக் கிள்ளாதே. செருப்பு எங்கே விடுவது, தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே என்று நிலா காட்டட்டும். அப்புறம் நீ அடுப்படிக்குப் போய்விடு, குரல் கேட்கிற தூரத்தில் இரு.

*கவின் அம்மா:* பாத்ரூம் ரொம்ப முக்கியம் டீச்சர். கவின் ஒரு வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே இருந்து, திரும்பி வரும்போது லிப்டில் அழுதுவிட்டான்.

*சரோஜா டீச்சர்:* கால் மாற்றி மாற்றி நின்றாலே தெரிந்துவிடும். எல்லார் முன்னாலும் "வருதா?" என்று கேட்காமல், "நிலா, நீ போய்ட்டு அவளையும் கூட்டிட்டுப் போ" என்று சொல். உள்தாழ்ப்பாள் அவளால் திறக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்.

*நிலா அம்மா:* சாப்பிட?

*சரோஜா டீச்சர்:* என்ன வேணும் என்றால் ஒண்ணும் வேணாம் என்றுதான் வரும். பழமா, பிஸ்கட்டா என்று கேட்டு இரண்டு பேருக்கும் சேர்த்தே வை. வேர்க்கடலை, முட்டை மாதிரி எதுவும் ஒத்துக்காதா என்று அவள் அம்மாவிடம் இன்றைக்கே கேள்.

*செல்வி அக்கா:* பிள்ளை வெறும் வயிற்றோடு போனால் மனசு கேட்காதே, ஊட்டிவிட்டால் என்ன?

*சரோஜா டீச்சர்:* வேண்டாம் செல்வி, அடுத்த முறை வரவே பயப்படும். தட்டு அங்கேயே இருக்கட்டும், விளையாட்டு நடுவில் தானே எடுக்கும்.

*முரளி 2ஏ:* அப்படியும் ஒட்டவில்லை என்றால் டிவி போடலாமே?

*சரோஜா டீச்சர்:* டிவி போட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடும். பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடு, கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

*கவின் அம்மா:* எங்கள் வீட்டில் கார்ட்டூன் பார்த்துத்தான் இரண்டு பேரும் பேசவே ஆரம்பித்தார்கள் டீச்சர்.

*சரோஜா டீச்சர்:* அப்படியும் சில பிள்ளைகள் உண்டு. ஆனாலும் நான் முதலில் பட்டாணியைத்தான் கொடுப்பேன்.

*நிலா அம்மா:* அவள் அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். சாப்பாட்டில் பிரச்சினை இல்லை, நாய் என்றால்தான் பயமாம். ஜிம்மியை எங்கே விடுவது?

*முரளி 2ஏ:* நாலு மணிக்கே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.