இந்தப் பக்கத்தைப் படித்துத் தர ஒருவர் வேண்டும்

வணக்கம் அண்ணன்மார், அக்காமாரே. தாத்தா படித்த தமிழ்ப்பள்ளியின் பழைய மலரில் கட்டட நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியல் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். பக்கம் சாய்ந்திருக்கிறது, அவர் கைபேசியின் நிழல் இடது பாதியில் விழுந்திருக்கிறது.

தெளிவாக இருந்ததைத் தட்டச்சு செய்துவிட்டேன். சந்தேகமானதை ஊகிக்காமல் [வீரன்/வீரான்?] என்று இரண்டையும் போட்டிருக்கிறேன். காகித மடிப்பில் ஒரு கால் இருக்கிறதா, வெறும் கோடா என்று தெரியவில்லை. கட்டுரையென்றால் பொருளை வைத்துச் சொல்லிவிடலாம். பெயரில் அது முடியாது, ஒரு காலில் ஆளே மாறிவிடுவார். தொகையும் [30/80?]. மொத்தத்திலிருந்து கழித்துப் பார்க்கலாமென்றால், அந்த வரி படத்தில் வெட்டுப்பட்டுவிட்டது!

பழைய லை, ணா, றா எழுத்துகள் பழக்கமானவர் ஒருவர் என் பிரதியைப் பார்க்காமல் தனியாகப் படித்துத் தர முடியுமா? பார்த்துவிட்டால் கண் நான் எழுதியதையே படிக்கும். தெரியாத இடத்தில் [?] போதும்.

ஜன்னலோரம் வைத்து, நேர் மேலிருந்து மறுபடி எடுத்து, ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, புள்ளியெல்லாம் கரைந்துவிடுகிறது.