யாத்திரையின் முதல் மாலை அறிவிப்பில் மூத்தோரிடம் தண்ணீர், மாத்திரை பற்றி எப்படிக் கேட்பது?

தருமபுரியிலிருந்து ராமேசுவரத்துக்குப் பேருந்து யாத்திரை அழைத்துச் செல்கிறேன். 42 பேரில் 15 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். மாலை 7 மணிக்குப் புறப்பட்டதும், தொப்பூர்க் கணவாய் வளைவுகள் தொடங்குமுன் நேர அட்டவணையையும் விதிகளையும் சொல்லி முடித்துவிடுவேன். அதில் சிக்கல் இல்லை.

வழியில் சிறுநீர் கழிக்க இறங்க நேருமோ என்று அஞ்சி, மூத்தோர் சிலர் மாலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்ப்பதுடன், இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையையும் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு பாட்டி, அக்னி தீர்த்தத்தில் நீராடிவிட்டு 22 தீர்த்தங்களுக்கான வரிசையில் ஈரப் புடவையுடன் நின்றபோது, நாக்கு வறண்டு, கண் இருட்டிச் சரிந்தார். முந்தைய நாள் மாத்திரை முந்தானை முடிச்சிலேயே இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று ஒலிபெருக்கியில் உறுதியளித்தேன். முன் இருக்கைகளை ஒதுக்கினேன். மாத்திரை விவரத்தை எழுதித் தரும்படி தாள் கொடுத்தேன். தாள்கள் பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பின. எல்லோர் முன்னிலையிலும் கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்பதே பதில்.

யாத்திரை நடத்தி அனுபவமுள்ளவர்களே, கூச்சமின்றி அவர்கள் உண்மையைச் சொல்ல, முதல் மாலையில் இதை எவ்வாறு கேட்கிறீர்கள்?